பத்து ரூபாய்ப் பொட்டலங்கள்: சுயஉதவிக் குழுவில் புரதம் பற்றிப் பேசப் போகிறவர்களுக்கு

"அடுத்த கூட்டத்தில் சத்துணவு பற்றிப் பத்து நிமிடம் பேசிவிடுங்கள்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நீங்கள் புதிதாகச் சேர்ந்த சமுதாய வளப் பயிற்றுநராக இருக்கலாம், அங்கன்வாடிப் பணியாளராக இருக்கலாம், அல்லது குழுவில் கொஞ்சம் வாய் உள்ளவர் என்பதற்காகவே மாட்டிக்கொண்டவராக இருக்கலாம். திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் இதே பேச்சைப் பலமுறை பேசியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல்முறை நான் ஒரு பெரிய அட்டையில் புரதம், அமினோ அமிலம், கிராம் கணக்கு என்று வண்ணப் பேனாவில் எழுதிக்கொண்டு போனேன். நான் பேசி முடித்ததும் முன்வரிசை அம்மா கேட்ட ஒரே கேள்வி, "வங்கிக் கடன் எப்போது வரும்?" தவறு அந்த அம்மாவுடையது அல்ல. அந்த அட்டையில் அவர் வீட்டு அடுப்பும் இல்லை, அவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணமும் இல்லை. அடுத்தமுறை அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு மளிகைப் பொட்டலங்களோடு போனேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கடைக்குப் போங்கள்

கூட்டத்துக்கு முதல் நாள், குழுவினர் வழக்கமாக வாங்கும் அதே மளிகைக் கடைக்குப் போங்கள். நகரத்துப் பெரிய கடை விலையைச் சொன்னால் "எங்கள் ஊரில் அந்த விலைக்குக் கிடைக்காது" என்று ஒருவர் சொல்வார். பேச்சு அதோடு படுத்துவிடும். கொள்ளு, பச்சைப்பயறு, துவரம் பருப்பு, மல்லாட்டை (வேர்க்கடலையை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்) ஆகியவற்றில் ஒவ்வொன்றும் சரியாகப் பத்து ரூபாய்க்கு நிறுத்துக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. எல்லாவற்றையும் கண்ணாடித்தாள் பையில் கட்டச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். கூடவே பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்றும், முட்டை இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முட்டையை வேகவைத்து எடுத்துப் போவது நல்லது. பையில் உடைந்து அவதிப்பட வேண்டாம்.

இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நம் ஊர்ப் பருப்பு, பயறு வகைகளில் பெரும்பாலானவற்றில் புரதம் ஏறத்தாழ ஒரே அளவுதான். காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு 20 முதல் 24 கிராம் வரை இருக்கும்; கொண்டைக்கடலையில் மட்டும் சற்றுக் குறைவு. ஆகவே 22 என்ற ஒரே எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எல்லாவற்றிலும் ஒரே அளவு என்றால் எது மலிவு என்பதைக் கடை விலையே சொல்லிவிடும். துவரம் பருப்பில் இருக்கும் புரதம் கொள்ளிலும் அப்படியே இருக்கிறது. சாம்பாருக்குத் துவரைதான் என்ற நம் பழக்கத்துக்குத்தான் கூடுதல் விலை கொடுக்கிறோம்.

கடைசியாக நான் கணக்குப் போட்ட நாளின் விலையை உதாரணமாகத் தருகிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கொள்ளு கிலோ 80 ரூபாய். பத்து ரூபாய்க்கு 125 கிராம் வந்தது, அதில் புரதம் 27 கிராம். பச்சைப்பயறு கிலோ 110. பத்து ரூபாய்க்கு 20 கிராம் புரதம். துவரம் பருப்பு கிலோ 140. பத்து ரூபாய்க்கு 15 அல்லது 16 கிராம். முட்டை ஒன்று 6 ரூபாய். ஒரு முட்டையில் ஆறரை கிராம் என்று வைத்தால் பத்து ரூபாய்க்குச் சுமார் 11 கிராம். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக் கணக்கிட்டேன். 4 கிராம்கூடத் தேறவில்லை.

ரேஷன் கடைத் துவரம் பருப்பு இந்த வரிசைக்குள் வராத தனி ரகம். கிலோ 30 ரூபாய் என்றால் பத்து ரூபாய்க்கு 70 கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் இதைவிட மலிவான புரதம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. ஆனாலும் "அது சீக்கிரம் வேகாது" என்று வாங்காமல் விடுகிறவர்களும், வாங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறவர்களும் குழுவில் நிச்சயம் இருப்பார்கள். வேகாததற்குப் பெரும்பாலும் பருப்பு பழையதாக இருப்பதோ தண்ணீர் உப்பாக இருப்பதோதான் காரணம். ஒரு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விட்டால் குழைந்துவிடும்.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

கூட்டம் எங்கே என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒருமுறை கேட்காமல் போய்விட்டேன். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், என் பையிலோ இரண்டு முட்டை. விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு எழுந்தது. பிறகு மொத்தக் கூட்டமும் எதிரே வேப்ப மரத்தடிக்கு இடம் மாறியது. அதற்கே கால் மணி நேரம் போய்விட்டது. கோயிலாக இருந்தாலும், சைவம் சாப்பிடுகிற உறுப்பினரின் வீட்டுத் திண்ணையாக இருந்தாலும் முட்டையை எடுத்துப் போகாதீர்கள், வாயால் சொன்னால் போதும்.

நேரத்தை ஊக்குநரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்புப் பணம் வசூலித்து முடித்த பிறகு, உள்கடன் பேச்சு தொடங்கும் முன் ஒரு சிறிய இடைவெளி இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். கடன் பேச்சு தொடங்கிவிட்டால் பிறகு யார் காதிலும் எதுவும் ஏறாது. தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமே.

மூன்றாம் படி: டம்ளரில் தொடங்குங்கள்

வணக்கம் சொன்னதும் புரதம் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்காதீர்கள். ஒரு டம்ளரையும் ஒரு கிண்ணம் பருப்பையும் நடுவில் வைத்து, "நேற்று உங்கள் வீட்டுச் சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு போட்டீர்கள்? இந்த டம்ளரில் அளந்து காட்டுங்கள்" என்று இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். பேச்சின் உயிரே இந்த அளவைதான்.

பெரும்பாலும் அரை டம்ளர்தான் காட்டுவார்கள். என் டம்ளரில் அரை அளவு 80 கிராம் நிற்கிறது. உங்கள் டம்ளரை முன்னாலேயே கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். "வீட்டில் எத்தனை பேர்?" என்று அடுத்துக் கேளுங்கள். நாலு பேர் என்றால் ஆளுக்கு 20 கிராம் பருப்பு, அதாவது நாலரை கிராம் புரதம். ஒருமுறை ஓர் அக்கா ஏழு பேர் என்றார். அந்தப் பருப்பை ஏழு குவியலாகப் பிரித்துத் தாளில் வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு குவியலும் இரண்டு தேக்கரண்டி அளவுகூட இல்லை. அவரே குனிந்து பார்த்துவிட்டு, "இதைத்தான் தினம் பருப்புச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனா?" என்றார். நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

இதோடு இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: சாம்பாரைப் பரிமாறும்போது கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி யாருக்கு ஊற்றுகிறீர்கள்? கணவருக்கும் பிள்ளைகளுக்கும் கலக்கி ஊற்றிவிட்டு, கடைசியில் தான் சாப்பிடும்போது தெளிவையும் ரசத்தையும் வைத்து முடித்துக்கொள்கிறவர்கள்தான் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். இதைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பொதுவாகக் கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள்.

நான்காம் படி: பேச்சு

நான் பேசுவதை அப்படியே எழுதுகிறேன். மனப்பாடம் செய்ய வேண்டாம், உங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள்.

"அக்காமார்களே, அம்மாமார்களே, நாம் உண்ணும் புரதத்தில்தான் தசை வளர்கிறது, புண் ஆறுகிறது, பிள்ளை உயரமாகிறது. 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பட்டியல் சொல்கிறது. இப்போது நம் தட்டைப் பார்ப்போம். இட்லி, சோறு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 24 கிராம் புரதம் இருக்கிறது. ஆம், அரிசியிலும் புரதம் உண்டு. சாம்பாரில் நாலரை. தேநீரில் ஊற்றும் பாலில் ஒரு மூன்று. காய், கீரையில் ஒரு மூன்று. கூட்டினால் முப்பத்து நாலரை. இன்னும் பதினொன்று, பன்னிரண்டு குறைகிறது.

அந்தக் குறையை நிரப்ப என்ன செலவாகும்? இதோ, ஒரு கைப்பிடி பச்சைப்பயறு. 30 கிராம். இதில் ஆறரை. இதோ, ஒரு முட்டை. இதிலும் ஆறரை. இரண்டும் சேர்ந்தால் 13. பயறு மூன்று ரூபாய் சில்லறை, முட்டை ஆறு ரூபாய். பத்து ரூபாய்க்குள் கணக்கு முடிந்துவிட்டது. முட்டை சாப்பிடாதவர்கள் இன்னொரு கைப்பிடி பயறோ, ஒரு கைப்பிடி மல்லாட்டையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இந்தப் பொட்டலங்களைக் கையில் வாங்கிப் பாருங்கள். எல்லாமே பத்து ரூபாய்தான். கொள்ளு கையில் கனக்கிறது, பிஸ்கட் கனக்கவில்லை. பிள்ளை அழுதால் எதை வாங்கித் தருகிறோம்?"

இங்கே நிறுத்திவிட்டுப் பொட்டலங்களைச் சுற்றுக்கு விடுங்கள். அவை எல்லார் கையிலும் போய்வர இரண்டு நிமிடம் ஆகும், அதுவரை நீங்கள் பேச வேண்டாம். அவர்களுக்குள் பேச்சு எழும், விலையைப் பற்றிச் சண்டைகூட வரும். அதுதான் வேண்டும். பிறகு தொடருங்கள்.

"ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அரிசிப் புரதத்தில் ஒரு சத்து குறைவு, பருப்பில் அது நிறைய இருக்கிறது. பருப்பில் வேறொன்று குறைவு, அதை அரிசி தருகிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு நல்ல கணக்கு. வெண்பொங்கலும் இட்லியும் அந்த வழியில் வந்தவைதான். நாம் செய்கிற சாம்பார் சோற்றில்தான் பருப்பு பதினைந்து பங்கில் ஒரு பங்காகிவிட்டது. முட்டையில் இந்தக் குறையே இல்லை, அது ஒன்றே முழுமையான புரதம்."

பேச்சு இவ்வளவுதான். அமினோ அமிலப் பெயர்களைச் சொல்ல ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். கேட்டால் மட்டும் லைசின், மெத்தியோனின் என்று சொல்லலாம். நான் போன ஊர்களில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

கணக்கில் ஒரு பொறி

புதிதாகப் பேசுகிறவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான். 100 கிராமுக்கு 22 கிராம் என்பது காய்ந்த பயறுக்கு உரிய கணக்கு. வேகும்போது பயறு தண்ணீரைக் குடித்து எடை இரண்டரை மடங்கு ஆகிவிடும், புரதமோ அப்படியே நிற்கும். ஆகவே 100 கிராம் சுண்டலில் 22 கிராம் இருக்காது, எட்டு ஒன்பதுதான் இருக்கும். கிண்ணத்துச் சுண்டலைக் காட்டி 22 என்று சொல்லிவிட்டால் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் பொய்யாகிவிடும். எப்போதும் ஊறவைக்கும் முன் உள்ள அளவையே சொல்லுங்கள். பெண்களுக்கும் கைப்பிடிக் கணக்குத்தான் வசதி.

ஐந்தாம் படி: கேள்விகள்

"முட்டை உடம்புக்குச் சூடு" என்பது முதலில் வரும். மறுத்து வாதாடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று, வேகவைத்து, தண்ணீர் நன்றாகக் குடித்துக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள் என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்குப் பச்சை முட்டையை அப்படியே ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை மட்டும் தெளிவாக மறுத்துவிடுங்கள். பச்சை முட்டையின் புரதம் வேகவைத்த முட்டையுடையது போல முழுதாகச் செரிப்பதில்லை, கிருமி வரும் ஆபத்தும் இருக்கிறது. அதோடு, மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுகிறவர்கள் புரதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக அதோடு சேர்த்துப் போடுகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நாட்டுக்கோழி முட்டைதான் சத்து என்பார்கள். ருசியில் வேறுபாடு இருக்கலாம். புரதக் கணக்கில் இரண்டு மடங்கு விலை கொடுக்கும் அளவுக்கு எதுவும் இல்லை. சொந்தக் கோழி இட்டால் சாப்பிடுங்கள், காசு கொடுத்து வாங்குவதானால் வெள்ளை முட்டையே போதும். புரட்டாசியில் பலர் அசைவத்தை விட்டுவிடுவதால் முட்டை விலை பெரும்பாலும் இறங்கும். விரதம் இல்லாதவர்கள் அந்த மாதத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இதைச் சொல்லும்போது ஒரு சிலர் என்னை முறைப்பதும் உண்டு.

கொள்ளு என்றதும் "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழி வந்து நிற்கும். ஒல்லியான பெண்கள் அதனாலேயே கொள்ளைத் தொடுவதில்லை. நான் சொல்லும் பதில் இது: குதிரைக்குக் கொள்ளு வைக்கிறார்களே, குதிரை இளைப்பதற்காகவா? இதற்குச் சிரிக்காத குழுவை நான் பார்த்ததில்லை. பிறகு கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல் என்று பேச்சு சமையலுக்குப் போய்விடும். ஒரு எச்சரிக்கை: ரசத்துக்கு வேகவைத்த தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு கொள்ளை மாட்டுக்கு வைக்கும் வீடுகள் இருக்கின்றன. புரதத்தில் பெரும்பகுதி அந்தப் பருப்பில்தான் இருக்கிறது, தண்ணீரில் இல்லை. அரைத்துத் துவையலாக்கச் சொல்லுங்கள்.

வாயுத் தொல்லை பற்றிய கேள்வி நியாயமானது. எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் கணிசமாகக் குறையும். முளைகட்டினால் இன்னும் நல்லது. பழக்கமில்லாதவர்கள் முதல் வாரம் அரைக் கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வயிறு உப்பினால், அடுத்த கூட்டத்தில் அவர் உங்களை விடமாட்டார்.

நீங்கள் பதில் சொல்லக் கூடாத கேள்விகளும் உண்டு. "என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு, அவருக்கும் கொடுக்கலாமா?" என்று கேட்டால் டாக்டர் சொல்லும் அளவுதான் என்று நிறுத்திக்கொள்ளுங்கள், அந்த நோயாளிகளில் பலருக்குப் புரதத்தைக் குறைக்கத்தான் சொல்வார்கள். முட்டை கொடுத்ததும் குழந்தைக்குத் தடிப்பு வருகிறது, வாந்தி வருகிறது என்றால் அதுவும் டாக்டருக்கு உரியது. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதங்களில் வழக்கத்தைவிட 22 கிராம் வரை கூடுதலாகத் தேவைப்படும். அவர்களிடம் அங்கன்வாடியில் வாங்கும் சத்துமாவு என்ன ஆகிறது என்று கேளுங்கள். கசக்கிறது, பிடிக்கவில்லை என்று மூலையில் கிடந்தால், தேங்காய் சேர்த்துக் கொழுக்கட்டை பிடிக்கச் சொல்லுங்கள்.

கடைசிப் படி: பொட்டலங்களைத் திரும்ப எடுத்து வராதீர்கள்

பேச்சு முடிந்ததும் சீட்டுக் குலுக்கி, விழுந்தவர்களுக்குப் பொட்டலங்களைக் கொடுத்துவிடுங்கள். வாங்கியவர் அடுத்த கூட்டத்தில் அதை என்ன செய்தார், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று சொல்ல வேண்டும் என்பதே நிபந்தனை. ஊக்குநரிடம் சொல்லி அதைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதச் செய்யுங்கள். எழுதி வைத்தால்தான் அடுத்த முறை யாராவது கேட்பார்கள்.

குழுவுக்கு ஆர்வம் வந்தால் பயறை மொத்தமாக வாங்கும் பேச்சு தானாக எழும். பன்னிரண்டு பேர் ஆளுக்கு இரண்டு கிலோ என்றால் 24 கிலோ; மண்டியில் கேட்டால் சில்லறை விலையைவிடக் குறைத்துக் கொடுப்பார்கள். மூட்டையை வாங்கும் முன் கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். பயறில் குண்டூசித் தலை அளவு ஓட்டையோ, கையில் மாவு போல ஒட்டுவதோ இருந்தால் வண்டு விழுந்துவிட்டது, வாங்காதீர்கள். மல்லாட்டையில் சுருங்கியதும் கறுத்ததும் பூசண வாடை அடிப்பதும் இருந்தால் அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். வறுத்தாலும் அந்தப் பூசண நஞ்சு முழுதாகப் போகாது. நல்ல பயறை ஒரு பகல் வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகு மூடியுள்ள டப்பாவில் போட்டால் மழைக்காலம் தாண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உட்பக்கம் வியர்த்து, அந்த ஈரத்திலேயே கெட்டுவிடும்.